ஆறாம் நாள் மிஞ்சிய பத்து நோட்டுகள்: ஏடிஎம்களுக்கு அனுப்பிய ஒரு பேட்ச் பாதியில் நின்ற கதை

தென் மாவட்டங்களில் ஒரு வங்கியின் ஏடிஎம்களைப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனத்தில் நடந்தது இது. வங்கி, நிறுவனம், இயந்திரத் தயாரிப்பாளர் எவர் பெயரும் இங்கே இல்லை. பேட்ச் எனப்படும் மென்பொருள் திருத்தங்களை அனுப்பும் குழுவில் நானும் ஒருவன்.

பின்னணி

எங்கள் பொறுப்பில் சுமார் 300 இயந்திரங்கள், இரண்டு மாடல். ஒன்று புதியது. இன்னொன்றில் பணம் எண்ணித் தரும் டிஸ்பென்சர் 2011 வாக்கில் வாங்கியது, ஆனால் அதை ஓட்டும் கம்ப்யூட்டர் புதுசு. இந்தப் பொருந்தாத ஜோடி எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் மேற்கொண்டு போக முடியாது.

விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்தது. ஏடிஎம்கள் அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் அதிலேயே ஓடின. சோம்பல் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய காரணம் வேறு. ஏடிஎம்மில் விண்டோஸ் வெறும் அடித்தளம். அதன் மேல் டிஸ்பென்சர், கார்டு ரீடர், பின் பேட் எல்லாவற்றோடும் பேசுவதற்கு எக்ஸ்எஃப்எஸ் என்ற பொது இடைமுகம். அந்த இடைமுகத்துக்கு ஏற்ற டிரைவர்களை இயந்திரத் தயாரிப்பாளர் எழுதித் தர வேண்டும். அதற்கு மேலே பரிவர்த்தனை மென்பொருள், பல இடங்களில் அது வேறொரு நிறுவனத்துடையது. அது பேசுவது, பரிவர்த்தனைக்கு ஒப்புதல் தரும் வங்கியின் மையக் கணினியான ஸ்விட்சோடு. இதற்கெல்லாம் காவலாக, அனுமதித்த கோப்புகளை மட்டும் ஓடவிடும் ஒயிட்லிஸ்ட் மென்பொருள் ஒன்று, அது இன்னொரு நிறுவனத்துடையது. அடியில் விண்டோஸை மாற்றினால் மேலே இருக்கும் அத்தனை பேரும் "எங்கள் பங்கு சரியாக ஓடுகிறது" என்று எழுதித் தர வேண்டும். பழைய டிஸ்பென்சருக்குப் புது விண்டோஸில் டிரைவர் எழுத யாருக்கும் அவசரம் கிடையாது, அதில் காசும் இல்லை.

இந்த இழுபறியை உடைத்தது ரிசர்வ் வங்கியின் 2018 ஜூன் சுற்றறிக்கை. ஆதரவில் உள்ள இயங்குதளத்துக்கு மாறுவதற்குப் படிப்படியாகக் கெடு வைத்தார்கள்: 2018 செப்டம்பருக்குள் கால் பங்கு, டிசம்பருக்குள் பாதி, 2019 மார்ச்சுக்குள் முக்கால், ஜூனுக்குள் முழுவதும். பயாஸ் பாஸ்வேர்டு, யுஎஸ்பி அடைப்பு, ஒயிட்லிஸ்ட், குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் அட்மின் அனுமதி எல்லாம் அதே சுற்றறிக்கையில் வந்தவைதான். இயந்திரத்தையே மாற்றப் பணமில்லாத இடங்களில் உள்ளே இருந்த கம்ப்யூட்டரை மட்டும் கழற்றிப் புதியதைப் பொருத்தினார்கள். டிஸ்பென்சர் அப்படியே நின்றது. எங்கள் பழைய மாடல்கள் அப்படி மாறியவை.

இப்போது அவற்றில் ஓடுவது விண்டோஸ் 10இன் எல்டிஎஸ்சி 2019 பதிப்பு. கடை லேப்டாப்போடு ஒப்பிட்டால் பழசாகத் தெரியும். உண்மையில் அதற்கு 2029 ஜனவரி வரை பாதுகாப்பு பேட்ச் வரும், புது வசதி என்று எதுவும் வராது, அதற்காகவே தேர்ந்தெடுத்தது.

அனுப்பியது என்ன

2024 நவம்பரில் எங்கள் இயந்திரங்கள் மூன்று மாத பேட்ச் பாக்கியில் இருந்தன. அக்டோபர் கடைசியில் தீபாவளி, அதையொட்டி வங்கி எந்த மாற்றத்தையும் அனுமதிக்கவில்லை. சாதாரண மாதத்திலும் சம்பளம், பென்ஷன் வரும் முதல் வாரத்தில் தொட மாட்டோம். தணிக்கையில் இது குறிப்பாக எழுதப்பட்டு, வங்கியின் பாதுகாப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த அதிகாரி எங்கள் குழுத் தலைவரைக் கூப்பிட்டுக் கேட்டார்: "கிளை கம்ப்யூட்டர் எல்லாம் ஒரு வாரத்தில் முடிகிறது. உங்களுக்கு மட்டும் ஏன் சார் மூன்று மாசம்?" நியாயமான கேள்விதான். கார்டு தொழிலின் பாதுகாப்பு விதியே தீவிரமான ஓட்டைகளை ஒரு மாதத்துக்குள் அடைக்கச் சொல்கிறது.

தயாரிப்பாளரிடமிருந்து வந்த தொகுப்பில் மைக்ரோசாஃப்டின் மாதாந்திர பேட்ச் ஒன்று (மாதாமாதம் வருவது முந்தையதையும் சேர்த்தே வரும், அதனால் ஒன்று போதும்), அவர்களுடைய எக்ஸ்எஃப்எஸ் தளத்தின் சிறு புதுப்பிப்பு ஒன்று, இரண்டும் இருந்தன. வங்கியின் சோதனைக் கூடத்தில் இரண்டு மாடலிலும் ஓட்டிப் பார்த்தார்கள். பணம் எடுத்தல், இருப்புப் பார்த்தல், தவறான பின், கார்டை விட்டுப்போதல், நோட்டை எடுக்காமல் போதல் என்று ஒன்றன்பின் ஒன்றாக முழுப் பட்டியலும் தேறியது. பேட்ச் போட்டதும் விண்டோஸ் கோப்புகளை அடையாளம் காட்டும் ஹாஷ் என்ற எண் மாறிவிடும் என்பதால் ஒயிட்லிஸ்ட் பட்டியலும் கூடவே புதுப்பிக்கப்பட்டது. அதை மறந்தால் மறுதொடக்கத்தில் காவல் மென்பொருள் விண்டோஸின் சொந்தக் கோப்பையே அந்நியன் என்று தடுத்துவிடும்.

தொகுப்பு சில நூறு எம்பி. சில இடங்களில் இன்னும் விசாட் எனப்படும் செயற்கைக்கோள் இணைப்பு, அங்கே பரிவர்த்தனைக்கு இடையூறு இல்லாமல் சொட்டுச் சொட்டாக இறங்க இரண்டு மூன்று ராத்திரி ஆகும். எல்லாம் இறங்கிய பிறகு பன்னிரண்டு இயந்திரங்களில் இரவு 1 மணிக்கு மேல் நிறுவினோம். ஏதாவது ஆனால் பொறியாளர் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் ஊருக்குள், கிளையை ஒட்டிய இயந்திரங்களாகவே பொறுக்கியிருந்தார்கள். கடற்கரையோரக் கிராமம் ஒன்றில் இருந்த பழைய மாடல் மட்டும், விசாட் இணைப்புக்கு ஒரு மாதிரி வேண்டும் என்று பட்டியலில் சேர்ந்தது.

நாலு நாள் கண்காணிப்பு. டாஷ்போர்டில் பன்னிரண்டும் பச்சை. அடுத்த கட்டத்துக்கு அறுபது இயந்திரங்களைத் தயார் செய்தோம்.

மிஞ்சிய பணம்

ஆறாம் நாள் காலை, பணம் நிரப்பும் நிறுவனத்தின் ஆட்கள் அந்தக் கிராமத்து இயந்திரத்தைத் திறந்தார்கள். அங்கே வாரம் ஒரு தடவைதான் நிரப்புவார்கள், கூட்டம் அவ்வளவுதான். நிரப்புவதற்கு முன் மிச்சத்தை எண்ணி, இயந்திரம் அச்சிடும் கணக்கோடு பொருத்த வேண்டும். கேசட்டில் இருந்த 500 ரூபாய் நோட்டு சரியாக இருந்தது. ஒட்டிய, கிழிந்த நோட்டுகள் போய்விழும் ரிஜெக்ட் பெட்டியில்தான் வித்தியாசம். இயந்திரம் 3 என்றது, உள்ளே 13 இருந்தது. பத்து நோட்டு, 5,000 ரூபாய் அதிகம்.

பணம் குறைந்தால் ஊரே கூடும். அதிகமாக இருந்தால் பலர் ஒரு சீட்டில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள், பிறகு கணக்குப் பிரிவு பார்த்துக்கொள்ளும் என்று. ஆனால் அதிகம் என்பதற்கு ஏடிஎம்மில் ஒரே அர்த்தம்தான் பெரும்பாலும்: யாரோ ஒருவர் கணக்கில் கழிந்திருக்கிறது, அவர் கைக்கு வரவில்லை. நல்லவேளையாக அன்று பணம் நிரப்ப வந்த கஸ்டோடியன் அனுபவஸ்தர், சீட்டு எழுதியதோடு நிற்காமல் எங்கள் உதவி மையத்துக்கும் போன் செய்தார். அதே நேரத்தில் பக்கத்துக் கிளையில் ஒரு பெரியவர் "3,000 எடுத்தேன், பணம் வரல, மெசேஜ் மட்டும் வந்துச்சு" என்று புகார் எழுதிக் கொடுத்திருந்தார். அது வேறு பாதையில் நகர்ந்துகொண்டிருந்தது, எங்களுக்குத் தெரியாது.

ஜர்னலில் தெரிந்தது

ஒவ்வொரு ஏடிஎம்மும் தான் செய்ததை வரி வரியாக ஜர்னல் கோப்பில் எழுதும். இழுத்துப் பார்த்தோம். இரண்டு பரிவர்த்தனைகள் ஒரே மாதிரி இருந்தன, ஒன்று 3,000, இன்னொன்று 2,000. ஸ்விட்ச் ஒப்புதல் வந்திருக்கிறது, நோட்டு எண்ணச் சொல்லி டிஸ்பென்சருக்குக் கட்டளை போயிருக்கிறது. அதன்பிறகு வழக்கமாக வர வேண்டிய "நோட்டு வெளியே வந்தது, வாடிக்கையாளர் எடுத்துக்கொண்டார்" என்ற வரிகள் இல்லை. அந்த இடத்தில் சாதனப் பிழை, பிறகு டிஸ்பென்சர் ரீசெட், சில நொடியில் எல்லாம் சரி. டாஷ்போர்டு நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் நிலையைக் கேட்கும், அது கேட்டபோதெல்லாம் இயந்திரம் நலம்.

நடந்தது இதுதான். டிஸ்பென்சர் கேசட்டிலிருந்து ஆறு நோட்டை இழுத்து அடுக்கிவிட்டது. பதில் சொல்லும் முன் கம்ப்யூட்டரோடு இருந்த யுஎஸ்பி இணைப்பு அறுந்தது. பரிவர்த்தனை மென்பொருளுக்கு நோட்டு வெளியே போனதா உள்ளேயே இருக்கிறதா என்று தெரியவில்லை. ஒரு நோட்டும் வரவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் ஸ்விட்சுக்குச் சொல்லிக் கழித்த பணத்தை அப்போதே திருப்பிவிடும். தெரியாதபோது கொடுத்ததாகவே வைத்துக்கொண்டு, கணக்கு நேர்செய்யும்போது பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும், அப்படித்தான் வடிவமைப்பு. ரீசெட் ஆனபோது அடுக்கிய நோட்டுகள் ரிஜெக்ட் பெட்டிக்குப் போய்விட்டன.

இணைப்பு ஏன் அறுந்தது? இரண்டு பரிவர்த்தனைக்கும் முந்தைய பரிவர்த்தனையின் நேரத்தைப் பார்த்த பிறகுதான் பிடி கிடைத்தது. ஒன்று அதிகாலை 5 மணி வாக்கில், அதற்கு முன் கடைசியாக ஆள் வந்தது முந்தைய இரவு பதினொன்றரைக்கு மேல். இன்னொன்று மதியம், அதற்கு முன்னாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெற்று இடைவெளி. தயாரிப்பாளரின் புதுப்பிப்பை நிறுவும் நிரல், போகிற போக்கில் விண்டோஸின் பவர் பிளானை `Balanced` என்ற இயல்புநிலைக்கு மாற்றிவிட்டிருந்தது. அதில் பயன்பாடு இல்லாத யுஎஸ்பி ஹப்பைத் தூங்கவிடும் அமைப்பு இயக்கத்தில் இருக்கும். ரொம்ப நேரம் யாரும் வராவிட்டால் ஏடிஎம் மென்பொருளும் சாதனங்களை நலம் விசாரிப்பதைக் குறைத்துக்கொள்ளும், அந்த அமைதியில் ஹப் தூங்கிவிடும். அடுத்து வரும் முதல் ஆளின் கட்டளைதான் அதை எழுப்ப வேண்டும். புது டிஸ்பென்சர் இதைத் தாங்கிக்கொள்கிறது. 2011 காலத்து ஃபர்ம்வேர் சில தடவை கட்டளையை வாங்கி வேலையை ஆரம்பித்துவிட்டு, நடுவில் ஒருமுறை துண்டித்துக்கொண்டு மறுபடி சேர்ந்துகொள்கிறது.

சோதனைக் கூடத்தில் ஏன் தெரியவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. அங்கே சோதனைகளை இடைவெளி விடாமல் ஓட்டுகிறார்கள், இயந்திரம் தூங்க நேரமே கிடையாது. ஊருக்குள் இருந்த மற்றப் பழைய மாடல்களிலும் அதே கதை, பகல் முழுக்க வரிசை நிற்கும். பிழை வரக்கூடிய இடம் ஆள் வராத இயந்திரம். ஆள் வராத இயந்திரத்தில்தான் பணமும் அபூர்வமாக நிரப்பப்படும், அதனால் எண்ணிப் பார்ப்பதும் அபூர்வம். எங்கே வருமோ அங்கேதான் தெரிய ரொம்ப நாள் ஆகும்.

நிறுத்துவதா, தொடர்வதா

அன்று இரவு போக வேண்டிய அறுபதையும் குழுத் தலைவர் நிறுத்தினார். பாதுகாப்பு அதிகாரிக்குக் கோபம். ஒரு கிராமத்து இயந்திரத்தில் 5,000 ரூபாய் மிஞ்சியதற்காக 300 இயந்திரங்களை ஓட்டையோடு விடுவதா என்றார். அவர் கணக்கிலும் அர்த்தம் இருந்தது. தலைவரின் பதில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "சார், ஓட்டை வழியா ஆள் வரலாம், வராமலும் போகலாம். இது நாம அனுப்பினா நிச்சயம் நடக்கும், எத்தனை பேருக்கு நடந்ததுன்னு ஒரு வாரம் கழிச்சுதான் தெரியும்."

அந்த வருஷம் ஜூலை 19 அன்று நடந்தது எல்லோர் மனதிலும் இருந்தது. ஒரு பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் அனுப்பிய ஒரு சின்னத் தரவுக் கோப்பு, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்களை விழவைத்தது. சரியான கோப்பைச் சீக்கிரமே வெளியிட்டுவிட்டார்கள். ஆனாலும் விழுந்து கிடந்த பல இயந்திரங்களை ஆள் நேரில் போய்த்தான் எழுப்ப வேண்டியிருந்தது. ஏடிஎம்முக்கு ஆள் போவது என்றால் கிளையில் சாவி, பயாஸ் பாஸ்வேர்டுக்கு அனுமதி, பெட்டகத்தைத் திறக்க வேண்டி வந்தால் பணம் நிரப்புபவர்களில் இரண்டு பேர். ஒரு நாளில் ஒரு பொறியாளர் நாலைந்து இயந்திரம் பார்த்தால் அதிகம்.

கடைசியில் ஒத்துக்கொண்டது இப்படி: முதலில் இரண்டு நாள் எதுவும் போகாது, பன்னிரண்டு இயந்திரத்தின் ஜர்னலையும் படிப்பது. புது மாடலில் ஒரு தடயமும் இல்லையென்றால் அதை மட்டும் தொடர்வது. பழைய மாடலை நிறுத்தி வைப்பது. பேட்ச் போட்ட பழைய இயந்திரங்களைப் பழைய நிலைக்குத் திருப்பவில்லை. திருப்பினால் ஒயிட்லிஸ்டையும் கூடவே திருப்ப வேண்டும், அதில் ஒன்று பிசகினால் இயந்திரம் எழவே எழாது. அதைவிடப் பவர் அமைப்பைச் சரிசெய்வது சின்ன வேலை.

சின்ன வேலைக்கு ஒன்பது நாள்

அந்தச் சின்ன வேலை இதுதான். கண்டுபிடிக்க ஒரு கட்டளை, சரிசெய்ய இரண்டு:

```
powercfg /query SCHEME_CURRENT 2a737441-1930-4402-8d77-b2bebba308a3
powercfg /setacvalueindex SCHEME_CURRENT 2a737441-1930-4402-8d77-b2bebba308a3 48e6b7a6-50f5-4782-a5d4-53bb8f07e226 0
powercfg /setactive SCHEME_CURRENT
```

எங்கள் மேசையிலிருந்து எல்லா இயந்திரத்திலும் ஓட்ட பத்து நிமிஷம் போதும். ஆனது ஒன்பது நாள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும் இடம், எனக்கே அப்போது எரிச்சல்தான். ஆனால் முன்னூறு பணப்பெட்டிகளில் நினைத்த கட்டளையை நினைத்த நேரத்தில் ஓட்ட ஒரு குழுவுக்கு வழி இருந்தால், அந்தக் குழுவின் ஒரு பாஸ்வேர்டைத் திருடியவனுக்கும் அதே வழி இருக்கும். அந்த வழி திறந்தே கிடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு சடங்கும். ஆகவே கட்டளை நேரடியாகப் போகவில்லை. தயாரிப்பாளர் அதைக் கையொப்பமிட்ட திருத்தமாக்கி அனுப்பினார். கூடத்தில் இந்தத் தடவை இரண்டு மணி நேரம் சும்மா விட்டுப் பிறகு பணம் எடுத்துப் பார்த்தார்கள். திருத்தம் இல்லாமல் நாலைந்து தடவைக்கு ஒன்று பிழை வந்தது, திருத்தத்துக்குப் பின் வரவில்லை. அதன்பிறகே வங்கியின் மாற்ற ஒப்புதல், நேர வரம்புள்ள அட்மின் அனுமதி, நிறுவல்.

பிறகு

ஜர்னலை முழுவதும் படித்ததில் ஊருக்குள் இருந்த இன்னொரு பழைய இயந்திரத்திலும் ஒரு பரிவர்த்தனை அகப்பட்டது, ஞாயிறு அதிகாலை. ஆக மூன்று பேர். பெரியவருக்கும் மற்ற இருவருக்கும் பணம் திரும்பியது. ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, கணக்கில் கழிந்தும் கைக்கு வராத பணம் பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய். ஒருவருக்கு அந்தத் தாமதத் தொகையும் சேர்ந்தது. 2,000 எடுக்க முயன்றவர் புகாரே கொடுக்கவில்லை. உடனே மறுபடி முயன்று பணம் வாங்கிப் போயிருக்கிறார், இரண்டு தடவை கழிந்ததைக் கவனிக்கவில்லை. ரிஜெக்ட் பெட்டியை எண்ணாமல் இருந்திருந்தால் அது இன்னும் பல நாள் தெரிந்திருக்காது.

புது மாடல் டிசம்பர் நடுவில் முடிந்தது. பழைய மாடலுக்குப் பொங்கல் தடைக்காலமும் சேர்ந்து ஜனவரிக் கடைசி ஆனது. அந்த இடைவெளியில் பழைய மாடலுக்கு ஒயிட்லிஸ்டும் மூடிய நெட்வொர்க்கும் மட்டுமே பாதுகாப்பு, அதைத் தணிக்கையில் எழுத்தில் ஒத்துக்கொண்டு அதிகாரியே கையெழுத்துப் போட்டார்.

மாற்றியவை

முதல் கட்ட இயந்திரங்களை இனி மாடல் வாரியாகவும் கூட்டம் வாரியாகவும் எடுக்கிறோம், ஒவ்வொரு மாடலிலும் குறைந்தது இரண்டு ஆள் வராத இடம். தூரமாக இருந்தாலும் சரி. சோதனைக் கூடத்தில் இயந்திரத்தைச் சும்மா விடும் நேரமும் சோதனையின் ஒரு பகுதியானது.

காத்திருப்பு இத்தனை நாள் என்று முன்பு இருந்தது. இப்போது கணக்கு வேறு: முதல் கட்டத்தில் உள்ள ஒவ்வொரு இயந்திரமும் பேட்சுக்குப் பின் இரண்டு தடவை பணம் எண்ணி ஒத்துப்போன பிறகே அடுத்த கட்டம். சில சமயம் இது இரண்டு வாரத்தைத் தாண்டும். பாதுகாப்பு அதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. கிராமத்து இயந்திரங்களில் மட்டும் அந்த இரண்டு வாரத்தில் ஒரு தடவை கூடுதலாக எண்ண வங்கி பணம் கொடுக்கட்டும், காத்திருப்பு பாதியாகும் என்றோம். அதற்கான செலவுக் கோரிக்கை இன்னும் நகரவில்லை.

எங்கள் நிறுவனத்திலேயே இன்னொரு குழு ஜவுளிக்கடைகளின் பில்லிங் டெர்மினல்களைப் பார்க்கிறது. இதைச் சொன்னதும் அவர்கள் தங்கள் காத்திருப்பைக் குறைத்துக்கொண்டார்கள், அது எதிர்பாராதது. அங்கேயும் கார்டில் பணம் கழிந்து பில் வராமல் நிற்கும் சிக்கல் உண்டு. ஆனால் கடையில் ராத்திரி கல்லா முடிக்கும்போதே எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும், ஒரு கவுண்டர் நின்றால் பக்கத்துக் கவுண்டரில் வரிசை சேரும். ஆகவே ஒரு கவுண்டரில் போட்டு ஒரு வார இறுதிக் கூட்டத்தைத் தாண்டினால் போதும் என்று வைத்தார்கள். அவர்களைத் தடுப்பது வேறு விஷயம்: டெர்மினலில் எழுதுவதெல்லாம் மறுதொடக்கத்தில் மறைந்துபோகும் ரைட் ஃபில்டர் இருக்கிறது, மின்சாரம் நடுவில் போனாலும் கெடக்கூடாது என்பதற்காக. பேட்ச் நிலைக்க வேண்டுமானால் `uwfmgr servicing enable` கொடுத்து மறுதொடக்கம் செய்து, கடை மூடிய பிறகு தனியாக ஓட்ட வேண்டும். ஆடித் தள்ளுபடி முதல் தீபாவளி வரை கடைக்காரர்கள் அதற்கு விடுவதில்லை.

பழைய டிஸ்பென்சர்களைப் பொறுத்தவரை, விண்டோஸ் 11க்கு அவற்றின் டிரைவர் எழுதப் போவதில்லை என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லிவிட்டார். 2029 ஜனவரிக்குள் அவை போயாக வேண்டும். எத்தனை இயந்திரம், எந்த வரிசையில் என்ற பட்டியலை வங்கியிடம் கொடுத்திருக்கிறோம், கடற்கரைக் கிராமம் அதில் முதல் பத்துக்குள் வருகிறது.